விடை சரியாக இருந்தும் வாசிக்க முடியாத ஒரு குறி: கையெழுத்துக் கணக்கைப் படத்தில் சரிபார்த்த பதிவு

மும்பை செம்பூரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிலருக்கு மாலையில் கணிதம் சொல்லித்தருகிறேன். ஜூலை மழையில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் ரயில் நின்றுவிடும் நாட்களில் வகுப்பு நடக்காது. பிள்ளைகள் வீட்டுக்கணக்கைப் போட்டு, தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அப்படி ஒரு மாணவியிடமிருந்து வந்த ஒரே ஒரு பக்கத்தைச் சரிபார்த்த விதத்தை இங்கே எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் விடை சரியாக இருந்தது. ஒரு குறி மட்டும் தெரியவில்லை.

கொடுத்திருந்த கேள்வி, 0 முதல் π/4 வரை x sin 2x என்பதன் தொகையீடு. பகுதித் தொகையிடலில் ஆறு வரிகளில் முடிந்துவிடும். படம் கைக்கு வந்ததும் நான் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. முதலில் பக்கத்தை ஒரு வரி விடாமல், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வேறொரு தாளில் பெயர்த்தெழுதுகிறேன். சரியான வழி மனத்தில் ஓடத் தொடங்கிவிட்டால், மங்கலான இடங்களில் இருக்க வேண்டியதைக் கண் தானாகவே நிரப்பிவிடும். அதன்பின் அங்கே உண்மையில் என்ன தெரிந்தது என்பதைத் திரும்பப் பெறுவது கடினம். தெரியாத குறிக்கு ஒரு சதுரம் போடுவது என் வழக்கம். இந்தப் பக்கம் இப்படி வந்தது:

```
1)  I = ∫ x sin 2x dx            மேல் எல்லை π/4, கீழ் எல்லை □a
2)  u = x,   v = □b (cos 2x)/2
3)  I = [ □c x (cos 2x)/2 ] + ∫ (cos 2x)/2 dx
4)    = [ □d x (cos 2x)/2 + (sin 2x)/4 ]    எல்லை 0, π/4
5)    = (0 + 1/4) − (0 + 0)
6)    = 1/4
```

நான்கு சதுரங்களில் முதலாவது பெரிய சிக்கல் இல்லை. □a என்பது 0 ஆகவும் இருக்கலாம், மேலே வால் நீண்ட 6 ஆகவும் இருக்கலாம். ஆனால் அதே கீழ் எல்லை நான்காம் வரியில் தெளிவாக 0 என்று எழுதப்பட்டிருக்கிறது, கணக்கு அந்த வரியைக் கொண்டுதான் முடிகிறது. ஆகவே முதல் வரியில் அந்த எண் தெளிவில்லை என்று குறித்துவிட்டு நகர்ந்தேன். மற்ற மூன்றும் அப்படி அல்ல. மூன்று இடத்திலும் மைனஸ் இருக்கிறதா, வெறும் இடம்தானா என்பதே கேள்வி. மூன்று இடத்திலும் கோடுபோட்ட தாளின் நீலக்கோடு எழுத்தின் நடுவுயரத்தை ஒட்டியே ஓடுகிறது. பின்னங்களை எழுதும்போது மேல் எண் ஒரு வரியிலும் கீழ் எண் அடுத்த வரியிலும் விழுவதால், பின்னக்கோடும் அதற்கு முன்னால் வரும் மைனஸும் தாளின் அச்சுக்கோட்டின் மேலேயே படுத்துவிடுகின்றன. மைனஸ் இருந்தாலும் கோட்டில் மறைந்துவிடும். இல்லாவிட்டாலும் கோடு மைனஸ் போலத் தோன்றும்.

படத்தின் தரம் எவ்வளவு தாங்கும் என்பதை அடுத்துக் கணக்கிட்டேன். வந்த படம் 1200 × 1600 புள்ளி. ஏ4 தாள் ஏறக்குறைய முழுச் சட்டத்தையும் நிறைத்திருந்தது. தாளின் நீளம் 297 மில்லிமீட்டர் என்பதால் ஒரு மில்லிமீட்டருக்கு 5.4 புள்ளி கிடைக்கிறது. பால்பாயின்ட் பேனாவின் கீற்று அரை மில்லிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் அது படத்தில் மூன்று புள்ளிக்கும் குறைவு. தாளின் அச்சுக்கோடு ஒரு புள்ளி அளவுதான். இவ்வளவு நெருக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு கிடைக்கோடுகளைப் பிரித்துச் சொல்ல இந்தப் படத்தை நம்ப முடியாது. அதை எவ்வளவு பெரிதாக்கினாலும் புதிதாக ஒரு தகவலும் சேராது. ஸ்கேன் செயலிகளின் கறுப்பு வெள்ளை வடிகட்டி இதைவிட மோசம்: ஒரு குறிப்பிட்ட சாம்பல் அளவுக்கு மேலே இருப்பதெல்லாம் வெள்ளை, கீழே இருப்பதெல்லாம் கறுப்பு என்று வெட்டிவிடுவதால், மெல்லிய மைனஸ் காணாமலும் போகலாம், அச்சுக்கோடு மைனஸாகவும் மாறலாம். படம் பார்க்கப் பளிச்சென்று இருப்பதால் ஐயமும் எழாது.

இந்த இடத்தில் வாசிப்பவர் பெரும்பாலும் சொல்லக்கூடியது, ‘விடை 1/4 என்று சரியாக வந்திருக்கிறது, மூன்றாம் வரியில் பிளஸ் தெளிவாக இருக்கிறது, ஆகவே v-க்கு முன்னால் மைனஸ்தான் இருந்திருக்கும்’ என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. sin 2x-ஐத் தொகையிட்டால் −(cos 2x)/2. பகுதித் தொகையிடலில் uv-இலிருந்து v du-வின் தொகையீட்டைக் கழிக்க வேண்டும். மைனஸை மைனஸால் கழித்தால் பிளஸ். மூன்றாம் வரியின் பிளஸ் இதனோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துகிறது என்பதும் வேறெதனோடும் பொருந்தாது என்பதும் ஒன்றல்ல. எனவே சதுரத்தில் வரக்கூடிய இரண்டையும் தனித்தனியே வைத்து, பக்கத்தின் மற்ற வரிகள் அப்படியே கிடைக்கின்றனவா என்று பார்த்தேன்.

சதுரத்தில் மைனஸ் என்றால் எல்லா வரியும் சரி. நான்காம் வரியிலுள்ள சார்பை வகையிட்டால் −(cos 2x)/2 + x sin 2x + (cos 2x)/2, அதாவது x sin 2x திரும்பக் கிடைக்கிறது. சதுரத்தில் ஒன்றுமே இல்லை என்றால், மாணவி sin 2x-இன் தொகையீட்டை (cos 2x)/2 என்று எழுதியிருக்கிறாள், அது தவறு. அடுத்து, சூத்திரத்தில் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறாள், அதுவும் தவறு. இந்த வழியில் வரும் சார்பை வகையிட்டால் cos 2x − x sin 2x கிடைக்கிறது, அதற்கும் கேள்விக்கும் தொடர்பில்லை. ஆனாலும் எல்லைகளைப் போட்டால் நடப்பதைப் பாருங்கள். மேல் எல்லை π/4-இல் cos 2x என்பது cos π/2, அதாவது 0. கீழ் எல்லையில் x-ஏ 0. இரண்டு எல்லையிலும் முதல் உறுப்பு முழுவதும் மறைந்துவிடுகிறது. அதன் முன்னால் இருந்தது மைனஸா பிளஸா என்பதற்கு விடையில் ஒரு சுவடும் இல்லை. மிஞ்சுவது (sin 2x)/4 மட்டும். இரண்டு வழியிலும் அது 1/4.

ஆக, முழுக்கச் சரியான ஒரு செய்முறையும் இரண்டு தவறுகள் உள்ள ஒரு செய்முறையும் இந்தப் பக்கத்தில் வாசிக்க முடிகிற எல்லாக் குறிகளோடும் சமமாகப் பொருந்துகின்றன. அந்த இரண்டு தவறுகளும் வலிந்து கற்பனை செய்தவை அல்ல. sin-ஐ வகையிட்டால் cos, தொகையிட்டால் −cos என்பதைக் குழப்பிக்கொள்வது, பகுதித் தொகையிடலின் சூத்திரத்தைப் பெருக்கலை வகையிடும் சூத்திரத்தோடு கலந்து நடுவில் பிளஸ் போடுவது, இவை இரண்டும் விடைத்தாள்களில் அடிக்கடி கண்ணில் படுபவை. (கேள்வியைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கும் பங்குண்டு என்றாலும், எல்லைகளில் ஓர் உறுப்பு மறைந்துபோகும் கணக்குகள் பாடநூல்களில் ஏராளம், விடை அழகாக வரவேண்டும் என்பதற்காகவே அப்படி அமைக்கிறார்கள்.) சதுரத்தில் என்ன இருக்கிறது என்பதை விடையை வைத்து முடிவுசெய்ய இந்தக் கணக்கு இடம் தருவதில்லை.

சாத்தியங்கள் இரண்டும் தாளில் வந்த பிறகுதான் படத்திடம் திரும்பினேன். மாணவி எழுதியது நீலப் பேனாவில், தாளின் கோடும் வெளிர்நீலம். நீல மை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், படத்தின் சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியே எடுத்தால் மை நல்ல கறுப்பாகவும் அச்சுக்கோடு நடுத்தரச் சாம்பலாகவும் விழும். கணினியில் இமேஜ்மேஜிக் இருப்பவர்கள் இதை ஒரே கட்டளையில் செய்யலாம்:

```
magick page.jpg -crop 400x120+210+640 +repage -channel R -separate -filter point -resize 400% red.png
```

இதில் `-filter point` முக்கியம்; அது இல்லாவிட்டால் பெரிதாக்கும்போது அக்கம்பக்கப் புள்ளிகளைக் கலந்து வழவழப்பான கோடு ஒன்றை மென்பொருளே வரைந்துவிடும். இதைக் கொடுத்தால் ஒவ்வொரு புள்ளியும் உள்ளபடியே பெரிய சதுரமாக நிற்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க அதே கையின் தெளிவான மைனஸ் ஒன்று தேவைப்பட்டது. ஐந்தாம் வரியில் இரண்டு அடைப்புகளுக்கு நடுவில் அது இருந்தது: ஏறக்குறைய 14 புள்ளி நீளம், 3 புள்ளி தடிமன், அச்சுக்கோட்டுக்குச் சற்று மேலே. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் வைத்தால், அந்த மைனஸின் நடுப்பகுதி 75 அளவில் இருந்தது. வெறும் அச்சுக்கோடு 150 அளவில். தாள் 190க்கு மேல். □b இருந்த இடத்தில் கிடைத்தது 125. மைக்கு வெளிறியது, அச்சுக்கோட்டுக்குக் கறுத்தது. ஆனால் படமெடுத்த கையின் நிழல் அந்தப் பகுதியின் மேல் விழுந்திருந்தது. நிழலுக்குள் ஓடும் அச்சுக்கோட்டை எழுத்தே இல்லாத ஓரத்தில் அளந்தால் அங்கேயும் 130 வருகிறது. இதோடு, பக்கத்திலேயே cos-இன் c எழுத்து கறுப்பாக நிற்கிறது. ஜேபெக் முறை படத்தை 8 × 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், கறுத்த கீற்றுக்கு அருகே அதே கட்டத்துக்குள் பொய்யான மங்கல் படிவது இயல்பு. 125 என்ற எண்ணை எந்தப் பக்கமும் சாய்க்க முடியவில்லை.

என் தங்கையிடமும் அந்தத் துண்டைக் காட்டினேன். அவள் படித்தது வணிகவியல், தொகையிடல் பக்கமே போனதில்லை. அங்கே என்ன இருக்க வேண்டும் என்ற முன்முடிவு அவளுக்கு இல்லாததால்தான் காட்டினேன். “கோடு இருக்கு. ஆனா அது நோட்டோட கோடா, அந்தப் பொண்ணு போட்டதான்னு எனக்குச் சொல்லத் தெரியல அக்கா” என்றாள். எனக்கும் அதற்குமேல் தெரியவில்லை.

அன்றைக்கே மாணவிக்குப் பதில் அனுப்ப வேண்டியிருந்தது. விடை சரி என்று ஒரு டிக் போட்டு அனுப்பவும் மனமில்லை, மைனஸ் விட்டுப்போயிற்று என்று சிவப்பில் சுழிக்கவும் சான்றில்லை. இப்படி எழுதினேன்: ‘ஐந்தாம், ஆறாம் வரிகள் நான்காம் வரியிலிருந்து சரியாகத் தொடர்கின்றன. இரண்டு, மூன்று, நான்காம் வரிகளில் cos உள்ள உறுப்புக்கு முன்னால் இருக்கும் குறி படத்தில் தெரியவில்லை. அதைப் பொறுத்து அந்த வரிகள் சரியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கடைசி விடை இரண்டிலும் ஒன்றுதான் என்பதால் விடையை வைத்துச் சொல்ல முடியாது. அந்த மூன்று வரிகளுக்கு மதிப்பெண் இன்னும் போடவில்லை.’

எந்தக் குறி சரி என்று அதில் சொல்லாததற்குக் காரணம் உண்டு. சொல்லிவிட்டால் அடுத்து வரும் படத்தில் அந்தக் குறி கண்டிப்பாக இருக்கும். அது முதலில் எழுதியதா, என் செய்தியைப் பார்த்துச் சேர்த்ததா என்று பிறகு அறிய வழியில்லை. கேள்வியையும் அதே கவனத்தோடு கேட்க வேண்டியிருந்தது. ‘அங்கே மைனஸ்தானே போட்டிருக்கிறாய்?’ என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் ஆமாம் மிஸ் என்றுதான் சொல்லும். நான் கேட்டது, ‘இரண்டாம் வரியில் சமக்குறிக்கும் cos-க்கும் நடுவில் என்ன எழுதியிருக்கிறாய் என்று தாளைப் பார்த்து அப்படியே சொல். தாளில் எதையும் திருத்தாதே, வேறு தாளில் திரும்ப எழுதவும் வேண்டாம்’ என்று. திரும்ப எழுதிய பிரதி தெளிவாக இருக்கும். ஆனால் அது இன்னொரு விடைத்தாள்.

“கோட்டு மேலயே இருக்கு மிஸ், எனக்கே மைனஸா கோடான்னு தெரியல” என்று பதில் வந்தது. மழைக்காலத்து ஈரத்தில் தாள் நமர்த்து, மை லேசாகப் பரவியும் இருந்திருக்கிறது.

மையை நம்ப முடியாதபோது பார்க்க வேண்டியது அழுத்தத்தை. பால்பாயின்ட் பேனா தாளில் ஒரு பள்ளம் போட்டுக்கொண்டே போகும். மை வராமல் கீறினால்கூடப் பள்ளம் விழும். அச்சுக்கோட்டுக்குப் பள்ளம் கிடையாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு கைபேசியின் டார்ச்சைத் தாளின் ஓரத்தில் மேசையோடு மேசையாகப் படுக்கவைத்து ஒளிபாய்ச்சி, மேலே இருந்து படமெடுக்கச் சொன்னேன். பக்கம் முழுவதையும் எடுக்காமல் இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒரு படம், ஐந்தாம் வரி ஒரு படம் என்று நெருங்கி எடுத்து, படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னேன். அப்படி அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்காது.

முதலில் வந்த படங்களில் டார்ச் தாளின் இடப்பக்கத்தில் இருந்தது. எழுத்துகளின் செங்குத்துக் கீற்றுகள் எல்லாம் நிழலோடு எழுந்து நின்றன. □b இருந்த இடத்தில் எதுவும் இல்லை. அதைக்கொண்டு மைனஸ் இல்லை என்று எழுதிவிட முடியாது. ஐந்தாம் வரியின் மைனஸ் அங்கே இருப்பது உறுதி. அந்தப் படத்தில் அதற்கும் பள்ளம் தெரியவில்லை. மைனஸ் என்பது இடமிருந்து வலமாகக் கிடக்கும் பள்ளம். இடப்பக்கத்திலிருந்து வரும் ஒளி அந்தப் பள்ளத்தின் நீளவாக்கிலேயே ஓடிவிடுவதால் நிழல் விழ வழியில்லை. கிடைக்கோட்டுக்கு ஒளி தாளின் மேல்விளிம்பிலிருந்தோ கீழ்விளிம்பிலிருந்தோ வர வேண்டும். டார்ச்சைக் கீழ்விளிம்புக்கு மாற்றி எடுக்கச் சொன்னேன்.

இந்த முறை ஐந்தாம் வரியின் மைனஸ் தெளிவாக விழுந்தது: ஒரு மெல்லிய கறுப்புக்கோடு, அதை ஒட்டி ஒரு வெள்ளை விளிம்பு. பின்னக்கோடுகளும் அப்படியே, அவற்றில் ஒன்று அச்சுக்கோட்டின் மேலேயே போட்டது, அதன் பள்ளமும் பிசகில்லாமல் தெரிந்தது. □b, □c இருந்த இடங்களில் அச்சுக்கோடு மட்டும் தட்டையாக ஓடியது. □d-ஐ மூன்றாம் படமாகக் கேட்டு வாங்கினேன். அங்கேயும் பள்ளம் இல்லை. அச்சுக்கோட்டின் மேல் போட்ட பின்னக்கோடு தெரிகிறபோது, அதே வரியில் அதே பேனாவால் போட்ட மைனஸ் மட்டும் தெரியாமல் போகக் காரணமில்லை என்பதால், மூன்று சதுரத்திலும் குறி இல்லை என்று பதிந்தேன்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. ஜெல் பேனாவில் எழுதினால் அழுத்தம் குறைவு, பள்ளம் விழாமலே போகலாம். கண்ணாடிமேசை மேல் ஒற்றைத் தாளை வைத்து எழுதியிருந்தாலும் அப்படித்தான். நோட்டுப்புத்தகத்தின் பல தாள்களுக்கு மேல் எழுதும்போதுதான் பள்ளம் ஆழமாக விழும். எதிர்ப்பக்கமும் ஒன்றிருக்கிறது: முந்தைய தாளில் எழுதியதன் அழுத்தம் இந்தத் தாளில் இறங்கியிருக்கலாம். பள்ளம் தெரிந்திருந்தால் முந்தைய தாளின் அதே இடத்தையும் பார்த்திருப்பேன். தெரியாததால் அதற்கு வேலை வரவில்லை.

அதன்பிறகுதான் மாணவியிடம் v எப்படி வந்தது என்று தொலைபேசியில் கேட்டேன். “sin-ஐ இன்டகிரேட் பண்ணா cos, உள்ள 2x இருக்கறதால கீழ 2” என்றாள். சூத்திரத்தைச் சொல்லச் சொன்னபோது “u v பிளஸ் இன்டகிரல் v du” என்றாள். தாளில் இருந்ததும் அவள் சொன்னதும் ஒன்றாக இருந்தன. இரண்டு தவறுகளையும் தனித்தனியே சிவப்பில் குறித்தேன்: இரண்டாம் வரியில் ஒன்று, மூன்றாம் வரியில் ஒன்று. நான்காம் வரி மூன்றாவதிலிருந்து சரியாகவே தொடர்வதால் அதில் புதிதாகத் தவறு எதுவும் இல்லை. கடைசி விடைக்கு நேரே டிக் போடாமல், ‘இந்த எல்லைகளில் முதல் உறுப்பு 0 ஆவதால் விடை ஒத்துப்போகிறது’ என்று எழுதினேன்.

அதை அவள் உடனே நம்பவில்லை. “விடை சரியாத்தானே மிஸ் வந்திருக்கு?” என்றாள். அதே சார்பை 0 முதல் π/2 வரை, அவள் வழியிலேயே போட்டுப் பார்க்கச் சொன்னேன். மேல் எல்லையில் cos π என்பது −1, sin π என்பது 0. அவள் சார்பில் x (cos 2x)/2 என்பது −π/4 ஆகி, விடை −π/4 என்று வருகிறது. ஆனால் 0க்கும் π/2க்கும் நடுவில் x-உம் sin 2x-உம் நேர்மமாகவே இருக்கின்றன. வளைவரை முழுவதும் அச்சுக்கு மேலே இருக்கையில் தொகையீடு குறையெண்ணாக வர முடியாது. முன்னால் மைனஸ் போட்டுச் செய்தால் π/4. அடுத்த நாள் வந்த படத்தில் இந்த இரண்டு வழியும் பக்கத்துக்குப் பக்கம் போடப்பட்டிருந்தன. மைனஸ் ஒவ்வொன்றும் அச்சுக்கோட்டை விட்டு மேலே தள்ளி, இரண்டு வரி இடைவெளியின் நடுவில் இருந்தது.